பேச்சு நிற்கட்டும், தட்டல் போகட்டும்

இணையவழியில் நடந்த ஒரு வகுப்பின் பதிவை இயர்போன் மாட்டிக்கொண்டு கேட்டுப் பாருங்கள். ஆசிரியர் ஒரு வாக்கியத்தை முடிப்பார். அடுத்ததைத் தொடங்கும் முன் கீபோர்டில் விரல்கள் ஓடும் சத்தம் குரலைவிட உரக்க விழும். ஸ்லைடு மாறும்போதெல்லாம் ஒரு மவுஸ் கிளிக் கேட்கும். வகுப்பு நடந்தபோது யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள். தேர்வுக்கு முன் அதே பதிவை இரண்டாம் முறை, மூன்றாம் முறை கேட்கும் மாணவருக்கோ அதுதான் முதலில் காதில் படும். திடீரென எழும் ஓசையின் பக்கம் காது தானாகவே திரும்பிவிடுகிறது.

இந்தச் சத்தத்தை நீக்க முடியும். காசு கொடுத்து மென்பொருள் வாங்கவும் வேண்டாம். ஆனால் ஒரே பொத்தானை அழுத்தி முழுப் பதிவையும் சுத்தம் செய்ய முயன்றால் தட்டலும் முழுதாகப் போகாது, குரலும் கெடும். தட்டல் எந்த இடத்தில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, இடத்துக்கு ஏற்பக் கைவைக்க வேண்டும். பேச்சில்லாத இடைவெளியில் விழுந்ததற்கு ஒரு வழி, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே விழுந்ததற்கு ஒரு வழி, குரலின் மேலேயே விழுந்ததற்கு வேறு வழி. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்துவிடும்.

ஏன் இவ்வளவு உரக்கக் கேட்கிறது?

பெரும்பாலான வகுப்புகள் லேப்டாப்பில் உள்ள மைக்கிலேயே பதிவாகின்றன. பேசுபவரின் வாய் அந்த மைக்கிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசைகளோ 15 சென்டிமீட்டரில் இருக்கின்றன. திறந்த வெளியில் தூரம் பாதியானால் ஒலியின் அளவு 6 டெசிபல் கூடும். இங்கே தூரம் நான்கில் ஒரு பங்கு. ஆகவே அருகில் இருப்பதனால் மட்டுமே தட்டலுக்கு 12 டெசிபல் சலுகை கிடைத்துவிடுகிறது. போதாக்குறைக்கு மைக்கும் கீபோர்டும் ஒரே உடலில் பொருத்தப்பட்டவை. விசையைத் தட்டும்போது எழும் அதிர்வு காற்றைக் கடக்காமல், லேப்டாப்பின் உடல் வழியாகவே மைக்கைச் சென்றடைகிறது. பதிவில் கூர்மையான 'டிக்' ஓசைக்கு அடியில் 'தொம்' என்று கேட்கும் கனத்த ஓசை அதுதான்.

இன்னொரு காரணம் வெளியில் தெரியாதது. கூட்டம் நடத்தும் செயலிகள், பேசுபவரின் குரல் தணிந்தால் மைக்கின் உணர்திறனைத் தாமாகவே கூட்டிவிடும். குரல் உயர்ந்தால் குறைத்துவிடும். ஆசிரியர் பேச்சை நிறுத்திவிட்டுத் தட்டச்சு செய்யத் தொடங்கும்போது, செயலி 'குரல் போதவில்லை' என்று எண்ணி அளவை ஏற்றுகிறது. ஏற்றப்பட்ட அந்த அளவில்தான் தட்டல்கள் பதிவாகின்றன. பேச்சின் நடுவே அடக்கமாகக் கேட்கும் தட்டல், இடைவெளியில் அறைந்தாற்போல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதிலிருந்து நமக்கு ஒரு நன்மையும் கிடைக்கிறது. மிக அதிகமாக உறுத்தும் தட்டல்கள் பேச்சு இல்லாத இடங்களில் இருக்கின்றன. நீக்குவதற்கு மிக எளிய இடங்களும் அவையே. குரல் ஓங்கி ஒலிக்கும்போது விழும் தட்டலைக் குரலே மறைத்துவிடுகிறது. பல வேளைகளில் அதைத் தேடிப் போக வேண்டியதே இல்லை.

தட்டலைக் கண்ணால் பார்ப்பது

காதால் மட்டும் தேடினால் ஒரு மணிநேரப் பதிவுக்குப் பல மணிநேரம் ஆகும். கண்ணும் உதவ வேண்டும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித்தொகுப்பு மென்பொருளில் பதிவைத் திறந்து, தடத்தின் பெயரருகே உள்ள பட்டியலில் `Spectrogram` என்பதைத் தேர்ந்தெடுங்கள். இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாக அதிர்வெண், நிறத்தின் பிரகாசத்தில் ஒலியின் வலு என ஒரு படம் விரியும்.

இந்தப் படத்தில் மனிதக் குரலையும் தட்டலையும் குழப்பிக்கொள்ள முடியாது. உயிரெழுத்தை நீட்டிச் சொல்லும்போது குரல், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கிடைக்கோடுகளாகத் தெரியும். அதன் வலுவில் பெரும்பகுதி 4 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே அடங்கிவிடும். தட்டலோ கீழிருந்து மேல்வரை ஒரே நொடியில் எழுந்து மறையும் செங்குத்துக் கோடு. மவுஸ் கிளிக் பெரும்பாலும் இரட்டைக் கோடாக இருக்கும். அழுத்தும்போது ஒன்று, விடும்போது ஒன்று. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி. கீபோர்டு விசையும் அப்படித்தான். விடும் ஓசை சற்று மெலிதாக இருப்பதால் பலர் அதைக் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். முதல் கோட்டை நீக்கி இரண்டாவதை விட்டுவிட்டால், சத்தம் போகாமல் விநோதமான ஒரு மெல்லிய தட்டலாக மாறி நிற்கும்.

படம் கூர்மையாகத் தெரிய ஓர் அமைப்பை மாற்ற வேண்டும். ஸ்பெக்ட்ரோகிராம் அமைப்புகளில் `Window size` என்று ஓர் எண் இருக்கும். வழக்கமாக அது 2048. வினாடிக்கு 48,000 மாதிரிகள் கொண்ட பதிவில் அது சுமார் 43 மில்லிவினாடிகளை ஒன்றாகக் குழைத்துக் காட்டும். தட்டலின் கோடு பட்டையாகப் பரவிவிடும். அதை 512 ஆகக் குறைத்தால் ஒவ்வொரு துண்டும் சுமார் 11 மில்லிவினாடியாகிவிடும், தட்டல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது துல்லியமாகத் தெரியும்.

மூன்று பொத்தான்கள் ஏன் கைகொடுப்பதில்லை?

இதே மென்பொருளில் இரைச்சலைப் போக்கும் கருவிகள் மூன்று இருக்கின்றன. முதலில் எல்லோரும் அவற்றைத்தான் நாடுவார்கள். அவை ஏன் தோற்கின்றன என்று தெரிந்தால் நேரம் மிச்சமாகும்.

முதலாவது `Noise Reduction`. இரைச்சலின் மாதிரி ஒன்றைக் காட்டினால், அதைக் கற்றுக்கொண்டு பதிவு முழுவதிலிருந்தும் கழிக்கும். மின்விசிறி, ஏ.சி. போன்று ஒரே சீராக ஓடும் ஓசைக்கு இது நல்ல கருவி. தட்டல் சீரானதல்ல. ஸ்பேஸ் பாரின் ஓசை வேறு, எழுத்து விசையின் ஓசை வேறு. அதோடு, தட்டல் எல்லா அதிர்வெண்ணிலும் பரவியிருப்பதால் அதையே மாதிரியாகக் கொடுத்தால், குரல் இருக்கும் அதிர்வெண்களிலும் கருவி கைவைக்கும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும்.

இரண்டாவது `Noise Gate`. குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ள ஒலியை அடைத்துவிடும். இடைவெளியில் உள்ள அறையோசையை இது அடக்கும். ஆனால் தட்டலின் உச்சம் குரலுக்கு ஈடாக, சில வேளை அதற்கு மேலாகவும் இருக்கிறது. கதவு அதற்கும் திறந்துவிடும். அறையோசை அடங்கிப்போன மௌனத்தில் தட்டல் முன்னைவிட எடுப்பாகக் கேட்கும்.

மூன்றாவது `Click Removal`. பெயரைப் பார்த்தால் நமக்காகவே செய்ததுபோல் தோன்றும். உண்மையில் இது பழைய இசைத்தட்டுகளின் கீறல் ஓசைக்காக உருவானது. அந்தக் கீறல்கள் சில மாதிரிகள் அகலமே உள்ளவை. கீபோர்டு தட்டல், அறையில் பட்டு எதிரொலிப்பதையும் சேர்த்தால், பல மில்லிவினாடிகள் நீள்கிறது. இதே குடும்பத்தைச் சேர்ந்த `Repair` கருவி ஒரு முறைக்கு அதிகபட்சம் 128 மாதிரிகளைத்தான் சரிசெய்யும். 48,000 மாதிரிக் கணக்கில் அது மூன்று மில்லிவினாடிக்கும் குறைவு. தட்டலின் நுனி போகும், வால் நிற்கும்.

ஒரு வகுப்பு, ஒரு வாக்கியம்

ஓர் உதாரணத்தை முழுமையாகப் பார்ப்போம். நிரலாக்கம் கற்பிக்கும் வகுப்பு ஒன்று ஒரே வீடியோ கோப்பாகப் பதிவாகியிருக்கிறது. ஆசிரியர் திரையில் நிரலைத் தட்டிக்கொண்டே விளக்குகிறார். மேலே மின்விசிறி ஓடுகிறது. முதலில் வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் அதற்கு ஒரு வரி போதும்.

```
ffmpeg -i vakuppu.mp4 -vn -ac 1 -ar 48000 vakuppu.wav
```

கிடைக்கும் `vakuppu.wav` கோப்பை ஆடாசிட்டியில் திறக்கிறோம். தட்டலுக்குப் போகும் முன் மின்விசிறியைக் கொஞ்சம் தணிக்க வேண்டும். காரணம் பின்னால் விளங்கும். பேச்சும் தட்டலும் மூச்சொலியும் இல்லாத ஒரு வினாடி, இரண்டு வினாடி எங்காவது கிடைக்கும். அதை மாதிரியாகக் கொடுத்து `Noise Reduction` கருவியால் 6 முதல் 9 டெசிபல் வரை மட்டும் குறைக்கிறோம். விசிறியை அடியோடு ஒழிக்க வேண்டியதில்லை. தணிந்தால் போதும். இந்த நிலையில் கோப்பின் நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் சரிபார்க்கத் தேவைப்படும்.

இப்போது பதிவில் ஓர் இடத்தைக் கேட்போம். ஆசிரியர் சொல்கிறார்: "இந்த வரியைப் பாருங்கள்." பிறகு பேசாமல் `len(marks)` என்று தட்டுகிறார். "இங்கே பட்டியலின் நீளத்தை எடுக்கிறோம்" என்கிறார். "இங்கே" என்பதற்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒரு கிளிக். கடைசியாக "சரி, ஓட்டிப் பார்ப்போம்" என்று சொல்லும்போது, 'போ' என்ற நெடிலின் மேலேயே இன்னொரு கிளிக்.

முதல் இடம் பேச்சில்லாத இடைவெளி. `len(marks)` என்பதில் பத்து எழுத்துருக்கள் உள்ளன. அடைப்புக்குறிகளுக்கு ஷிஃப்ட் விசையும் சேர்வதால் விசைகள் இன்னும் கூடும். ஒவ்வொன்றுக்கும் அழுத்தும் ஓசை, விடும் ஓசை. இவற்றைத் தனித்தனியாகத் துரத்த வேண்டாம். முதல் தட்டலுக்குச் சற்று முன்னிருந்து கடைசி விசை விடுபட்ட பின் வரை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, `Amplify` கருவியில் குறை எண்ணைக் கொடுத்து அளவைத் தாழ்த்தலாம். எவ்வளவு தாழ்த்துவது? திரையில் எழுத்துகள் தோன்றிக்கொண்டிருக்கும் வகுப்பு இது. பார்ப்பவர் கண்முன்னே எழுத்து விழும்போது மெல்லிய தட்டல் காதில் பட்டால் அது இயல்பாகவே இருக்கும். இங்கே −15 டெசிபல் போதும். வேறொருவர் எங்கோ தட்டிக்கொண்டிருக்கும் கூட்டப் பதிவானால் −30 வரை போகலாம்.

விசிறியை முன்கூட்டித் தணித்ததன் பயன் இங்கேதான் தெரியும். விசிறி ஓசை வலுவாக இருந்திருந்தால், இந்த இடைவெளியில் அதுவும் சேர்ந்து தாழ்ந்து, பேச்சு தொடங்கும்போது 'உஸ்' என்று மேலே வந்திருக்கும். கேட்பவருக்கு ஒலி ஏறி இறங்குவது தட்டலைவிட உறுத்தலாக இருக்கும். தணித்த பிறகும் அப்படி இருந்தால் தாழ்த்துவதை விட்டுவிட்டு நிரப்பும் வழிக்குப் போக வேண்டும். தட்டல் இல்லாத இடத்திலிருந்து, அதே நீளமுள்ள அறையோசைத் துண்டை நகலெடுத்து, தட்டல் பகுதியின் மேல் ஒட்ட வேண்டும். நீளம் இம்மியும் பிசகக்கூடாது. தேர்வின் தொடக்கத்தையும் நீளத்தையும் எண்களாகக் காட்டும் பட்டை ஆடாசிட்டியின் அடியில் உண்டு, அதைப் பார்த்துச் செய்யுங்கள். ஒட்டிய துண்டு ஒரு வினாடி கூடினால், அதற்குப் பின் வரும் வகுப்பு முழுவதும் படத்துக்கு ஒரு வினாடி பிந்தி ஓடும்.

இரண்டாம் இடம் சொற்களுக்கு நடுவே விழுந்த கிளிக். இரட்டைக் கோட்டையும் சேர்த்து ஏறத்தாழ 0.15 வினாடி. அதை மட்டும் தேர்ந்தெடுத்து `Amplify` −20 டெசிபல். அதன்பின் இதே வகைக் கிளிக் வரும் இடங்களில் தேர்ந்தெடுப்பதும் Ctrl+R அழுத்துவதும்தான் வேலை. கடைசியாகச் செய்த மாற்றத்தை அதே அளவில் அது திரும்பச் செய்துவிடும். கை பழகிய பின் வேலை வேகமாக நகரும். கவனிக்க வேண்டியது ஒன்றே. தேர்வின் ஓரம் பக்கத்துச் சொல்லின் தொடக்கத்தையோ முடிவையோ தொடக்கூடாது. சொல்லின் கடைசி ஒலி மெலிந்து தேய்வதால், அலைவடிவத்தில் அது முடிந்துவிட்டதுபோல் தெரியும் இடத்துக்குப் பிறகும் கொஞ்சம் ஓடும். ஸ்பெக்ட்ரோகிராமில் அந்தத் தேய்வு தெரியும்.

மூன்றாம் இடம் குரலின் மேலேயே விழுந்த கிளிக். இங்கே முழு ஒலியையும் தாழ்த்தினால் 'போ' அறுபட்டுப் போகும். அதோடு, ஒலி வலுவாக ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் திடீரென அளவை மாற்றுவதே புதிதாக ஒரு கிளிக்கை உண்டாக்கும். எனவே குரலுக்கும் கிளிக்குக்கும் வேறுபாடு இருக்கும் மேல் அதிர்வெண்ணில் மட்டும் கைவைக்க வேண்டும். நெடிலின் வலு கீழே இருக்கிறது, கிளிக்கின் கூர்மை மேலே இருக்கிறது. ஸ்பெக்ட்ரோகிராமில் அதிர்வெண்ணையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்கும் வசதியை இயக்கி, 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட பகுதியை மட்டும், கிளிக்கின் அகலத்துக்கு மட்டும் தேர்ந்தெடுத்து, `Spectral edit shelves` கருவியில் −12 டெசிபல் கொடுக்கிறோம். 'டிக்' என்ற கூர்மை மழுங்கிவிடும். அடியில் மிச்சமிருப்பதைக் குரல் மறைத்துக்கொள்ளும். ஆனால் 'ஸ', 'ஷ' போன்ற ஒலிகளின் வலு அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. அவற்றின்மேல் கிளிக் விழுந்திருந்தால் இந்த வழி அந்த எழுத்தையே மழுக்கிவிடும். அந்த இடத்தைத் தொடாமல் விடுவது நல்லது.

தமிழ்ப் பேச்சில் ஒரு கண்ணி

இதே உதாரணத்தில் "பட்டியலின்" என்ற சொல்லைப் பாருங்கள். 'ட்ட' என்று சொல்லும்போது நாக்கு மேலண்ணத்தைத் தொட்டுக் காற்றை அடைக்கிறது. ஒரு கணம் ஒலியே இல்லை. பிறகு அடைப்பு விடுபட்டு ஒரு சிறிய வெடிப்பு. ஸ்பெக்ட்ரோகிராமில் அந்த வெடிப்பும் செங்குத்துக் கோடாகத்தான் தெரியும். க்க, ட்ட, த்த, ப்ப என்று வல்லினம் இரட்டிக்கும் எல்லா இடத்திலும் இப்படித்தான். தட்டல்களை வேகமாகத் துடைத்துக்கொண்டு போகிறவர், இந்த வெடிப்பையும் தட்டல் என்று எண்ணித் தாழ்த்திவிட வாய்ப்புண்டு. தானாக இயங்கும் கருவிகளும் இங்கே இடறும். சொல்லின் நடுவே உள்ள தனிக்கோடு என்றால் ஒருமுறை கேட்ட பிறகே கைவையுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து வெட்டி எடுப்பதில் இருக்கிறது. கிளிக் அந்த அடைப்பின் மௌனத்துக்குள்ளேயே விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மௌனம்தானே என்று கிளிக் இருக்கும் 60 மில்லிவினாடியை அழித்து இருபுறத்தையும் ஒட்டிவிட்டால் என்ன ஆகும்? அடைப்பின் நீளம் குறைந்துவிடும். தமிழில் அந்த நீளம் பொருளைச் சுமப்பது. 'பட்டம்' என்பதையும் 'படம்' என்பதையும், 'பாட்டு' என்பதையும் 'பாடு' என்பதையும் நம் காது பிரித்தறிவதில் அடைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. சுருக்கினால் இரட்டித்த ஒலி ஒற்றை ஒலியை நோக்கிச் சாயும். ஆசிரியர் சரியாகச் சொன்னதைப் பதிவு தவறாகச் சொல்லும். வீடியோவோடு ஒலி பொருந்தாமல் போவது தனி. ஆகவே எந்தக் கிளிக்கையும் அழித்து எடுக்காதீர்கள். இருந்த நேரத்திலேயே தாழ்த்துங்கள், அல்லது நிரப்புங்கள்.

தானே வடிகட்டும் கருவிகள்

மணிக்கணக்கான பதிவுகள் குவிந்திருக்கும்போது ஒவ்வொரு தட்டலையும் கையால் தொட முடியாது. அப்போது குரலையும் இரைச்சலையும் பிரித்தறியப் பயிற்றுவிக்கப்பட்ட வடிகட்டிகள் உதவும். இவற்றில் திறந்த மூலமாகக் கிடைக்கும் ஒன்று, ஜான்-மார்க் வலான் உருவாக்கிய ஆர்என்நாய்ஸ். அது ஒலியை 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை பார்க்கிறது. அதிர்வெண்களை 22 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் குரல் எவ்வளவு இருக்கும் என்று கணித்து, அதற்கேற்ப அளவைத் தாழ்த்துகிறது. எஃப்எஃப்எம்பெக் கருவியிலும் இது இருக்கிறது. `std.rnnn` போன்ற ஒரு மாதிரிக் கோப்பைத் தனியே இறக்கி அதே கோப்புறையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

```
ffmpeg -i vakuppu.wav -af arnndn=m=std.rnnn:mix=0.8 vakuppu_v.wav
```

இதன் செயல்முறையிலேயே இதன் எல்லையும் தெரிந்துவிடும். பேச்சில்லாத இடைவெளியில் எல்லாப் பட்டைகளையும் தாழ்த்தலாம். தட்டல் பெரும்பாலும் அடங்கிவிடும். குரலின் மேல் விழுந்த தட்டலில் குரலைக் காப்பாற்றுவதற்காகப் பட்டைகளைத் திறந்தே வைக்க வேண்டியிருக்கிறது. தட்டலும் கூடவே வந்துவிடும். கெடுதல் வேறு இடங்களில் தெரியும். வாக்கியத்தின் கடைசி அசை விழுங்கப்படும். மெல்லிய குரலில் கேள்வி கேட்ட மாணவர் பாதி காணாமல் போவார். மேலே உள்ள வரியில் `mix=0.8` என்பது வடிகட்டிய ஒலியோடு மூல ஒலியையும் சிறிது கலக்கச் சொல்கிறது. இந்தக் கெடுதலைக் குறைக்க அது உதவும்.

கூட்டம் நடத்திய செயலியே ஏற்கெனவே இதுபோன்ற ஒரு வடிகட்டியைப் போட்டிருக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். பதிவில் குரல் அங்கங்கே கம்மிப்போய், மேல் அதிர்வெண்கள் வந்து வந்து போனால் அதுதான் அடையாளம். அதன்மேல் இன்னொரு வடிகட்டியைப் போட்டால் மிச்சக் குரலும் தேயும். அப்படிப்பட்ட பதிவுக்குக் கைவேலைதான் சரி.

எடுத்தது தட்டலைத்தானா?

வேலை முடிந்ததும், குரலைக் கொஞ்சமாவது அரித்துவிட்டோமா என்ற ஐயம் வரும். அதைத் தீர்க்க நம்பகமான வழி ஒன்று இருக்கிறது. விசிறியைத் தணித்த பிறகு எடுத்து வைத்த நகலையும், முடித்த பதிவையும் ஆடாசிட்டியில் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே தொடக்கத்தில் வையுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து `Invert` கொடுத்தால் அதன் அலை தலைகீழாகும். இப்போது இரண்டையும் சேர்த்து ஓடவிட்டால், இரண்டிலும் ஒன்றாக இருப்பதெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நாம் நீக்கியது மட்டும் காதில் விழும்.

தட்டல்கள் மட்டும் கேட்டால் வேலை சுத்தம். நடுவே எழுத்துத் துணுக்கோ, ஒரு சொல்லின் வாலோ கேட்டால் அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போய்த் திருத்துங்கள். ஏதோ ஓர் இடத்திலிருந்து தொடர்ச்சியாகப் பேச்சே கேட்கத் தொடங்கினால், அந்த இடத்தில் நீளம் பிசகிவிட்டது என்று பொருள். ஒட்டிய துண்டு கூடவோ குறையவோ இருக்கிறது. இந்தச் சோதனையை மொத்த ஒலியளவைக் கூட்டும் முன் செய்ய வேண்டும். அளவு மாறிவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று அழிக்காது.

எல்லாம் சரியென்றால் `vakuppu_suththam.wav` என்று சேமித்து, புதிய ஒலியை வீடியோவில் பொருத்துகிறோம். படத்தை மறுபடி சுருக்க வேண்டியதில்லை என்பதால் வேலை சீக்கிரம் முடியும், படத்தின் தரமும் குறையாது.

```
ffmpeg -i vakuppu.mp4 -i vakuppu_suththam.wav -map 0:v -map 1:a -c:v copy -c:a aac -b:a 128k vakuppu_puthithu.mp4
```

புதிய வீடியோவின் தொடக்கத்தில் ஓரிடம், முடிவில் ஓரிடம் பார்த்து உதட்டசைவோ திரையில் விழும் எழுத்தோ ஒலியோடு பொருந்துகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்த பதிவுக்கு

பலர் கலந்துகொள்ளும் கூட்டமானால் பதிவின்போதே ஓர் அமைப்பை மாற்றி, மேலே சொன்ன வேலையில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம். ஜூமில் கூட்டத்தைச் சொந்தக் கணினியிலேயே பதிவு செய்யும்போது, ஒவ்வொரு பங்கேற்பாளரின் ஒலியையும் தனிக் கோப்பாகச் சேமிக்கும் தெரிவு அமைப்புகளில் உண்டு. அதை இயக்கி வைத்தால், குறிப்பெடுத்துக்கொண்டே கேட்டவரின் தட்டல் அவருடைய கோப்பில் மட்டும் இருக்கும். அவர் பேசாத நேரம் முழுவதையும் அந்தத் தடத்தில் மௌனமாக்கிவிடலாம். பேசியவரின் குரலில் ஒரு கீறலும் விழாது. ஒரே கோப்பாகக் கலந்த பிறகு மணிக்கணக்கில் செய்ய வேண்டியதை இங்கே சில நிமிடங்களில் முடிக்கலாம். தனித்தடங்களைச் சேர்க்கும்போது கேள்வியும் பதிலும் சரியான நேரத்தில் பொருந்துகின்றனவா என்று தொடக்கத்திலும் முடிவிலும் கேட்டுப் பாருங்கள்.

பேசுபவரே தட்டுபவராகவும் இருக்கும் வகுப்பில் தனித்தடம் உதவாது. அங்கே தூரத்தைத்தான் மாற்ற வேண்டும். வாயருகே நிற்கும் மைக் கொண்ட ஹெட்செட் போட்டால் கணக்கு தலைகீழாகிவிடும். வாய் சில சென்டிமீட்டரில், விசைகள் அரை மீட்டரில். லேப்டாப்பின் உடல் வழியாக வரும் அதிர்வும் அறுபட்டுவிடும். ஜூமின் இரைச்சல் தணிப்பில் `High` என்ற நிலையும் தட்டச்சு ஓசையை மனத்தில் வைத்து அமைந்ததுதான். ஆனால் அது கூட்டம் நடக்கும்போதே குரலையும் சேர்த்துச் செதுக்கிவிடும். அப்படிச் செதுக்கியதைப் பின்னால் மீட்க முடியாது. ஹெட்செட்டும் குறைந்த அளவுத் தணிப்பும் சேர்ந்தால் கிடைக்கும் பதிவு, கூடுதல் தணிப்போடு லேப்டாப் மைக்கில் எடுத்ததைவிட எப்போதும் திருத்த எளிது.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஓர் அளவு வேண்டும். திருத்திய பதிவை ஸ்பெக்ட்ரோகிராமைப் பார்க்காமல், மாணவர் கேட்பதுபோல் இயர்போனில், வழக்கமான ஒலியளவில் ஒருமுறை ஓடவிடுங்கள். கேட்கும்போது கவனத்தை இழுக்கும் தட்டல்களை மட்டும் குறித்துக்கொண்டு அவற்றை மட்டும் திருத்துங்கள். படத்தில் கோடாகத் தெரிந்தும் காதில் விழாத தட்டலை அப்படியே விட்டுவிடுங்கள். அதை நீக்குவதால் கேட்பவருக்கு எந்த லாபமும் இல்லை, அதன் அடியில் இருக்கும் குரலுக்கு நட்டம் உண்டு.